நானே பரிசு கொடுத்துக் கெடுத்துவிட்டேனா? நிலா நோட்டும் 100 ரூபாயும்

மாடிவீட்டான்:

என் மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. ஏழாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் அவளாகவே ஒரு வேலை ஆரம்பித்தாள். பௌர்ணமிக்கு மறுநாளிலிருந்து மொட்டை மாடியில் உட்கார்ந்து, எதிர்வரிசை வீடுகளுக்கு மேலே நிலா தலைகாட்டும் நேரத்தை ஒரு நோட்டில் எழுதி வைப்பாள். நாலைந்து நாளில் நிலா வருவதற்கு ரொம்ப நேரமாகிவிடும், போய்த் தூங்கு என்போம், அவள் அலாரம் வைத்து எழுந்து போவாள். "சுமாரா 50 நிமிஷம் தள்ளித் தள்ளி வருதுப்பா, ஆனா சரியா 50 இல்ல, ஒரு நாள் 46, ஒரு நாள் 53. ஏன்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லாமலே எட்டாம் வகுப்பு முழுக்க எழுதினாள்.

ஒன்பதாம் வகுப்பில் பள்ளியில் சனிக்கிழமைதோறும் தேர்வு. ஞாயிறு காலை வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் எல்லாப் பிள்ளைகளின் மதிப்பெண்ணும் வரிசையாக வரும். முதல் மாதம் இவள் 70, 75 என்றே இருந்தாள். நான் 90-க்கு மேல் எடுத்தால் 100 ரூபாய் என்றேன். எடுத்தாள். இப்போது வாராவாரம் எடுக்கிறாள், அந்த வகையில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

போன மாதம் அறிவியலில் அண்டம் பற்றிய பாடம் வந்தது. கெப்ளர் விதிகள் மூன்றையும் கமா விடாமல் ஒப்பித்தாள். நான் உற்சாகமாக, "அந்த நிலா நோட்டு எங்கே?" என்றேன். "அது போர்ஷன்ல இல்லப்பா" என்று சொல்லிவிட்டுப் புக் பேக் கேள்விக்குப் போய்விட்டாள். அவள் சொன்னதில் கோபமோ சலிப்போ இல்லை, அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. இது வயசா, பரீட்சையா, அல்லது என் 100 ரூபாயா?

சுப்பு_72:

90 எடுக்கும் பெண்ணுக்கு என்ன கவலை சார்? வானியல் ஆர்வம் என்றால் இப்போதே ஃபவுண்டேஷன் கோர்ஸில் சேருங்கள், பதினொன்றில் இயற்பியல் சுலபமாக இருக்கும். எங்கள் பக்கத்தில் நல்ல சென்டர் ஒன்று இருக்கிறது, வேண்டுமானால் தனிச்செய்தி அனுப்புங்கள்.

மாடிவீட்டான்:

இல்லை சார், மதிப்பெண் குறைவது என் கவலை இல்லை. நோட்டு நின்று போனதுதான்.

வெட்டவெளி:

100 ரூபாய்தான் காரணம், இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. இது 1971-லேயே முடிவான விஷயம். எட்வர்ட் டெசி என்ற அமெரிக்க உளவியலாளர் கல்லூரி மாணவர்களிடம் சோமா என்ற கட்டைப் புதிரைக் கொடுத்தார். ஒரு குழுவுக்கு நடுவில் ஒரு சுற்று மட்டும், தீர்த்த ஒவ்வொரு புதிருக்கும் ஒரு டாலர். அப்புறம் ஏதோ வேலை இருப்பது போல 8 நிமிடம் வெளியே போய்விடுவார், அந்த நேரத்தில் பத்திரிகை புரட்டலாம், புதிர் விளையாடலாம், சும்மாவும் இருக்கலாம். காசு நின்ற பிறகு அந்தக் குழுவுக்குப் புதிர் மேல் இருந்த ஈர்ப்பு குறைந்துவிட்டது. காசு உள்ளே வந்தால் ஆர்வம் வெளியே போகும். பரிசு, பாராட்டு, ஸ்டார், சர்டிஃபிகேட் எல்லாம் ஒரே விஷம்தான். நாளைக்கே நிறுத்துங்கள்.

தாழம்பூ:

வெட்டவெளி, பாதி சரி. பாராட்டை ஏன் அந்த மூட்டையில் கட்டினீர்கள்? அதே டெசி காசுக்குப் பதிலாக வாயால் பாராட்டியும் பார்த்தார், அப்போது ஆர்வம் கூடத்தான் செய்தது. கல்வி உளவியலில் சில வருடம் தலையைக் கொடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இதில் எது பரிசு என்பதைவிட அது எப்போது, எதற்காக, யாருக்கு என்பதுதான் கேள்வி.

மாடிவீட்டான் கேட்டதற்கு இன்னும் நெருக்கமான சோதனை 1973-ல் நடந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நர்சரிப் பள்ளியில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் செய்தது. மூன்றிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைகள். வகுப்பில் ஸ்கெட்ச் பேனாக்களை வைத்துவிட்டு, யார் யார் தானாகவே போய் எடுக்கிறார்கள் என்று முதலில் வேடிக்கை பார்த்தார்கள். ஏற்கெனவே ஆசை இருந்த பிள்ளைகளை மட்டும்தான் சோதனைக்கு எடுத்தார்கள், இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். ஒரு குழுவிடம் "படம் வரைந்தால் தங்க நட்சத்திரமும் சிவப்பு ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் கிடைக்கும்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவிடம் ஒன்றும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கையில் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்குச் சொல்லவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

ஒன்றிரண்டு வாரம் கழித்து அதே பேனாக்களை வகுப்பில் போட்டுவிட்டு, பரிசைப் பற்றிய பேச்சே இல்லாமல், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்தார்கள். ஒன்றுமே வாங்காத பிள்ளைகள் நேரத்தில் 17 சதவீதம் போல வரைந்தார்கள். எதிர்பாராமல் வாங்கியவர்கள் 18. முன்கூட்டியே பேசி வாங்கியவர்கள் 9-க்கும் கீழே, அதாவது பாதி. சான்றிதழ் ஒன்றேதான். "இதைச் செய்தால் அது" என்ற பேரம் எங்கே இருந்ததோ அங்கேதான் ஆசை குறைந்தது.

ஆகவே மாடிவீட்டான், உங்களிடம் ஒரு கேள்வி. நிலா நோட்டுக்கு எப்போதாவது காசு கொடுத்தீர்களா?

மாடிவீட்டான்:

இல்லை. தேர்வுக்கு மட்டும்தான்.

தாழம்பூ:

அப்படியென்றால் அந்தச் சோதனையை அப்படியே உங்கள் வீட்டுக்குப் பொருத்த முடியாது. உங்கள் 100 ரூபாய் சனிக்கிழமைத் தேர்வுக்குப் போடப்பட்டது, நிலாவுக்கு அல்ல. ஆனால் அது வேறொரு வேலை செய்திருக்கலாம், எது கணக்கில் வரும், எது வராது என்று அவளுக்கு ஒரு கோடு போட்டுக் காட்டியிருக்கலாம். "போர்ஷன்ல இல்ல" என்பது அந்தக் கோட்டின் பெயர். அதை நீங்கள் மட்டும் போடவில்லை, வாட்ஸ்அப் வரிசையும் சேர்ந்துதான் போட்டது.

முதல்பட்டதாரி:

எல்லோரும் பரிசையும் பரீட்சையையும் திட்டுகிறீர்கள், நான் ஒன்று சொல்லட்டுமா. எங்கள் வீட்டில் படித்தவர் யாரும் கிடையாது. மாமா ஒருத்தர் மட்டும், "பத்தாவதுல 400 எடு, சைக்கிள் வாங்கித் தர்றேன்" என்றார். 412 எடுத்தேன். சைக்கிள் வந்தது. அந்தச் சைக்கிள் இல்லாவிட்டால் நான் கணக்கைத் தொட்டே இருக்க மாட்டேன், அப்போது எனக்கு அதன் மேல் எந்தக் காதலும் இல்லை. பிறகு பாலிடெக்னிக்கில் மின்சுற்று படிக்கும்போதுதான் பிடித்தது. மொட்டை மாடியில் நிலா பார்க்கும் பிள்ளைக்கு உள்ளார்ந்த ஊக்கம், புற ஊக்கம் எல்லாம் பேசலாம். எனக்குப் பரீட்சைதான் ஊரை விட்டு வெளியே வந்த ஒரே பஸ்.

தாழம்பூ:

இதற்காகத்தான் குறித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர்கள் ஆசை இருந்த பிள்ளைகளைத்தான் எடுத்தார்கள். கெடுவதற்கு ஓர் ஆசை முன்பே இருந்தால்தானே அது கெடும்? உங்கள் விஷயத்தில் சைக்கிள் எதையும் கெடுக்கவில்லை, உங்களைக் கணக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. பரிசு அவ்வளவு மோசமில்லை என்று 1994-ல் கேமரனும் பியர்ஸும் பழைய ஆய்வுகளைத் தொகுத்து எழுத, டெசி தரப்பு 1999-ல் 128 சோதனைகளைத் தொகுத்து மறுத்தது. பெரிய சண்டை. சலிப்பான வேலைக்குப் பரிசு கொடுத்தால் ஆசை கெடுவதில்லை என்பதை ஏறக்குறைய இரு தரப்பும் ஒப்புக்கொண்டன.

அப்புறம், உள்ளே வெளியே என்று இரண்டு பெட்டி மட்டும் இல்லை. பிடிக்காவிட்டாலும் "இது என் வாழ்க்கைக்கு வேண்டும்" என்று தானே முடிவு செய்து படிப்பவர் உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் அதுவும் புற ஊக்கம்தான், ஆனால் அடிக்குப் பயந்து படிப்பதும் அதுவும் ஒன்றல்ல. நீங்கள் ஏறிய பஸ்ஸில் நீங்களாகத்தான் ஏறினீர்கள்.

முதல்பட்டதாரி:

மாமாவும் கொஞ்சம் தள்ளிவிட்டார். ஆனால் சரி.

சாக்பீஸ்:

அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன், பத்தாம் வகுப்பு. நான் பேசுவது பரிசு பற்றி இல்லை, பரீட்சை வகுப்பறைக்குள் வந்து உட்கார்ந்தால் பாடம் என்ன ஆகிறது என்பது பற்றி.

எங்கள் வினாத்தாள் 100 மதிப்பெண். கடைசிப் பகுதியில் எட்டு மதிப்பெண் கேள்வி இரண்டு, ஒன்று வடிவியல், ஒன்று வரைபடம். இந்த 16 மதிப்பெண்ணை எந்தப் பிள்ளையும் விடக் கூடாது, ஏனென்றால் தேர்ச்சிக்கு 35 போதும், அதில் கிட்டத்தட்டப் பாதி இங்கேயே வந்துவிடும். அதனால் ஜனவரி வந்தால் தினமும் ஒரு கிராஃப். `y = x² + x − 2` என்று வையுங்கள். −4 முதல் 3 வரை x போட்டு அட்டவணை எழுதினால் y-க்கு 10, 4, 0, −2, −2, 0, 4, 10 என்று வரும். புள்ளி வை, சேர், x அச்சை வெட்டும் இடம் −2, 1, அதுதான் தீர்வு. அளவுத்திட்டம் எழுத மறக்காதே. எட்டு மதிப்பெண்.

இப்போது அட்டவணையில் நடுவில் −2 இரண்டு முறை வருவதைப் பாருங்கள். x = −1-க்கும் −2, x = 0-க்கும் −2. போன வருடம் முக்கால்வாசிப் பிள்ளைகள் அந்த இரண்டு புள்ளியையும் ஸ்கேல் வைத்து நேர்கோடாகச் சேர்த்திருந்தார்கள். அடி தட்டையான கிண்ணம் மாதிரி. "நடுவில் −½ போட்டால் y என்ன வரும்?" என்று கேட்டேன். வகுப்பே அமைதி. ஒரு பையன், சுமாராகப் படிப்பவன், விரலை மடக்கிப் போட்டுப் பார்த்து "−2.25 சார், அப்போ கோடு கீழ இறங்கணும்ல" என்றான். எனக்குச் சந்தோஷம். முதல் வரிசையில் வழக்கமாக 95 எடுக்கும் பெண் கையைத் தூக்கினாள். "சார், இதுக்கு மார்க் உண்டா?"

அவளைக் குறை சொல்ல மாட்டேன். தட்டையாக வரைந்த தாள்களில் அதற்காக நான் ஒரு மதிப்பெண்கூடக் குறைத்ததில்லை. வருடம் முழுக்க நான் எதைக் கவனித்தேனோ அதைத்தான் அவளும் கற்றுக்கொண்டாள்.

வெட்டவெளி:

அதைத்தானே நானும் சொல்கிறேன். பரீட்சையை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

தாழம்பூ:

ஆகாது. பரீட்சையை எடுத்துவிட்டால் மறதிதான் மிஞ்சும். 2006-ல் ரோடிகர், கார்பிக்கி இருவரும் ஒரு பத்தியைக் கொடுத்து ஒரு குழுவை நான்கு முறை படிக்க வைத்தார்கள், இன்னொரு குழுவை ஒரே முறை படித்துவிட்டு மூன்று முறை, பார்க்காமல், நினைவிலிருந்து எழுத வைத்தார்கள். 5 நிமிடம் கழித்துக் கேட்டால் படித்த குழு முன்னால் நின்றது. ஒரு வாரம் கழித்து எழுதிய குழு 61 சதவீதம் நினைவில் வைத்திருந்தது, படித்த குழு 40. பார்க்காமல் எழுதிப் பார்ப்பது நல்ல பழக்கம். கெடுப்பது, எழுதிய தாள் அதன் பிறகு எங்கே போகிறது என்பதுதான்.

அதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. 1987-ல் குரோல்னிக், ரயன் இருவரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பாடப் பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். சிலரிடம் "இதில் கேள்வி கேட்போம், மதிப்பெண் போட்டு உங்கள் ஆசிரியருக்கு அனுப்புவோம்" என்றார்கள். சிலரிடம் "எவ்வளவு நினைவிருக்கிறது என்று பார்க்கத்தான், மதிப்பெண் எல்லாம் கிடையாது" என்றார்கள். மூன்றாவது குழுவிடம் கேள்வி பற்றியே பேசவில்லை. மதிப்பெண் மிரட்டல் வாங்கிய குழு சொல்லுக்குச் சொல் ஒப்பிப்பதில் பின்தங்கவில்லை. ஆனால் அந்தப் பகுதி எதைப் பற்றியது, எது எதோடு சேர்கிறது என்று கேட்டால் இவர்கள்தான் பின்னால். சில நாள் கழித்துப் பார்த்தால் அதிகம் மறந்ததும் இவர்களே. மூன்று விதி ஒப்பித்த உங்கள் மகள் நினைவுக்கு வருகிறாளா?

நானே இதன் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். இவை சின்னச் சோதனைகள், நாள் கணக்கில் முடிபவை. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு வருடம் பன்னிரண்டாம் பாடத்தையே ஓட்டும் பள்ளிகள் இருக்கும் ஊரில், அந்த அழுத்தம் பத்து வருடம் கழித்து என்ன செய்யும் என்பதற்கு இவை பதில் ஆகாது.

வடமராட்சி அம்மா:

எங்கட பக்கம் இதைவிட முந்தித் தொடங்குது. இலங்கையில் தரம் ஐந்தில் புலமைப்பரிசில் பரீட்சை, பத்து வயதுப் பிள்ளைகள். 200 புள்ளிக்கு. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. மகனுக்குத் தரம் மூன்றிலிருந்தே கடந்த கால வினாத்தாள் செய்யக் குடுத்தனான். வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்துவிட்டது. அவன் அழவில்லை. "அம்மா, இனி நான் கதைப்புத்தகம் வாசிக்கலாமா?" என்று கேட்டான். எனக்கு அப்பதான் விளங்கினது, இரண்டு வருடமாக அவன் வாசிக்கேலை எண்டு. வாசிக்காதே என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை, நேரம்தான் இருக்கேலை.

இந்தச் சோதனைகளில் நேரம் பற்றி ஏதும் இருக்கோ? நீங்கள் ஆசை குறையுது என்கிறீர்கள். என்ர பிள்ளைக்கு ஆசை குறையவில்லை, இடம்தான் இல்லாமல் போனது.

தாழம்பூ:

அக்கா, இது நான் யோசிக்காத கோணம். மாடிவீட்டான் வீட்டிலும் இது இருக்கலாம். சனிக்கிழமைத் தேர்வுக்கு முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கு மாடிக்குப் போக எந்த வீட்டில் விடுவார்கள்?

மாடிவீட்டான்:

விட்டதில்லை. ஒருமுறை வெள்ளிக்கிழமை பௌர்ணமிக்கு மறுநாள் வந்தது, "நாளைக்கு டெஸ்ட் இருக்கு" என்று நானேதான் சொன்னேன். இப்போது யோசித்தால் அதற்குப் பிறகுதான் நோட்டு நின்றது என்று நினைக்கிறேன், உறுதியாகத் தெரியவில்லை.

சரி, என்ன செய்யட்டும்? காசை நிறுத்தவா?

சாக்பீஸ்:

காசைப் பற்றி எனக்குத் தெரியாது. தாளைப் பற்றி ஒன்று செய்து பார்த்தேன். வாரத் தேர்வுத் தாளில் மதிப்பெண் போடாமல் ஓரத்தில் ஒரு வரி மட்டும் எழுதிக் கொடுத்தேன். "இரண்டாம் படியில் குறி மாறிவிட்டது, ஏன் என்று பார்" என்கிற மாதிரி. முதல் வாரம் ரகளை, "சார் எவ்ளோ சார்" என்று பின்னாலேயே வந்தார்கள். மூன்றாம் வாரம் சிலர் அந்த வரியைப் படித்துத் திருத்திக் கொண்டுவந்தார்கள். பிறகு பதிவேட்டில் எண் இல்லை என்று மேலிருந்து கேள்வி வந்தது. இப்போது பதிவேட்டில் எண்ணும் தாளில் வரியுமாக ஓட்டுகிறேன்.

தாழம்பூ:

அந்தப் பதிவேட்டுத் தந்திரம் நல்லது. 1988-ல் இஸ்ரேலில் ரூத் பட்லர் இதையே சோதித்தார். குறிப்பு மட்டும் வாங்கிய பிள்ளைகளுக்கு ஆர்வமும் வேலையின் தரமும் உயர்ந்தன. மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்து வாங்கியவர்கள், வெறும் மதிப்பெண் வாங்கியவர்களைப் போலத்தான் இருந்தார்கள். எண் இருந்தால் கண் எண்ணைத்தான் பார்க்கும், குறிப்பு அலங்காரமாகிவிடும். ஆகவே இரண்டையும் ஒரே தாளில் வைக்காதீர்கள்.

மாடிவீட்டான், ஓடிக்கொண்டிருக்கும் பேரத்தைத் திடீரென்று முறிக்காதீர்கள், அதை அவள் தண்டனையாகத்தான் பார்ப்பாள். அவளிடமே பேசி முடிவு செய்யுங்கள். இன்னொன்று, நிலா எல்லா நாளும் ஒரே அளவு தள்ளி வராததற்குப் பாதிக் காரணம் கெப்ளரின் இரண்டாம் விதியில் இருக்கிறது. அதைக் கோளுக்குத்தான் எழுதினார், ஆனால் பூமியைச் சுற்றும் நிலாவுக்கும் அது பொருந்தும். பூமிக்குப் பக்கத்தில் வரும்போது வேகமாகவும் தூரத்தில் மெதுவாகவும் ஓடுகிறது. மீதிக் காரணம் அதன் பாதை நம் அடிவானத்தோடு சாய்ந்திருக்கும் கோணம், அது மாதம் முழுக்க மாறும். அவள் கேட்ட கேள்விக்கான பதிலில் பாதியை அவளே மனப்பாடமாக வைத்திருக்கிறாள்.

வெட்டவெளி:

அடடா. இது எனக்கும் தெரியாது.

மாடிவீட்டான் (மூன்று வாரம் கழித்து):

கேட்டவர்களுக்காக. காசைப் பற்றிப் பேசினேன். "சரி நிறுத்துங்க, ஆனா போன மூணு டெஸ்ட்டுக்கு 300 பாக்கி" என்றாள். கொடுத்தேன். அடுத்த வாரம் 84. அதற்கு அடுத்த வாரம் 91. பள்ளியில் வரிசையைக் குழுவில் போடாமல் தனித்தனியாக அனுப்ப முடியுமா என்று கேட்டேன், மற்ற பெற்றோர் விரும்புகிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதில் இரண்டு பெற்றோர் எனக்குத் தனியாக "நாங்களும் விரும்பவில்லை" என்று செய்தி அனுப்பினார்கள். குழுவில் யாரும் வாய் திறக்கவில்லை, நானும்தான்.

கெப்ளர் விஷயத்தைச் சொன்னேன். "ஓ" என்றாள். அவ்வளவுதான். நோட்டை எடுக்கவில்லை. ஆனால் ராத்திரி சாப்பிடும்போது, "அப்போ 53 வந்த நாள்ல நிலா பக்கத்துல இருந்துச்சா, தூரத்துலயா?" என்று கேட்டாள். பக்கத்தில் என்றால் வேகமாக ஓடும், வேகமாக ஓடினால் தாமதம் கூடுமா குறையுமா என்று இரண்டு பேரும் குழம்பிவிட்டோம். சாப்பாட்டு மேசையில் ஒரு எலுமிச்சம்பழத்தையும் தட்டையும் வைத்துச் சுற்றிப் பார்த்தோம்.

சாக்பீஸ்:

கூடும். அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

வடமராட்சி அம்மா:

அடுத்த பௌர்ணமி என்ன கிழமை?

மாடிவீட்டான்:

பார்த்தேன் அக்கா. வியாழன். வெள்ளி ராத்திரி மாடி, சனிக்கிழமை தேர்வு.